மாடித் தொட்டியிலிருந்து கண்ணுக்கு: பட்டறையில் ஐ வாஷும் சேஃப்டி ஷவரும் பொருத்தும் முழு வழிமுறை

கோவை பக்கம் ஒரு சிறிய பிளேட்டிங் பட்டறையில், ரசாயனம் தெறித்தால் கண்ணைக் கழுவும் ஐ வாஷும் உடம்பைக் கழுவும் சேஃப்டி ஷவரும் ஏற்கெனவே இருந்தன. பச்சை பெயிண்ட், போர்டு, இழுவைக் கம்பி, எல்லாம் கச்சிதம். மே மாதம் மதியம் மூன்று மணிக்கு ஐ வாஷ் பெடலை அழுத்தி வந்த தண்ணீரில் கையை வைத்தேன், உடனே இழுத்துக்கொண்டேன். தெர்மாமீட்டர் 49 டிகிரி காட்டியது. ஷவரோ வீட்டுக் குளியலறையில் வருவதைப் போல மெல்ல ஊற்றியது. ஆசிட் தெறித்த ஆள் அதன் கீழ் நின்றால் பாதி உடம்புதான் நனையும்.

அதைச் சரிசெய்த வரிசையில்தான் கீழே எழுதியிருக்கிறேன். பெரும்பாலும் எல்லோரும் முதலில் யூனிட்டை வாங்கிச் சுவரில் மாட்டிவிட்டு, பிறகு பக்கத்தில் எந்த பைப் போகிறதோ அதில் இணைத்துவிடுகிறார்கள். வரிசை தலைகீழாகப் போவது அங்கேதான். முதலில் இடம், அப்புறம் தண்ணீர், அழுத்தம், வெப்பம், கடைசியில்தான் யூனிட்.

கையில் இருக்க வேண்டியவை: 15 லிட்டர் வாளி, 200 லிட்டர் டிரம், தெர்மாமீட்டர், டேப், நிறுத்துக் கடிகாரம் (போனே போதும்), ஷவர் தலையைச் சுற்றிக் கட்ட இரண்டு மீட்டர் பாலித்தீன் குழாய். இவ்வளவுதான்.

## 1. கண்ணைக் கட்டிக்கொண்டு நடந்து பார்த்து இடத்தை முடிவு செய்யுங்கள்

பல நாடுகளில் பின்பற்றப்படும் அமெரிக்கத் தரம் ஆன்சி இசட் 358.1, இங்கே நான் சொல்லும் அளவுகள் அதன் 2014 பதிப்பின்படி. நம் நாட்டுக்கு ஐ.எஸ். 10592 என்ற தரமும் உண்டு. உங்கள் ஆய்வாளர் எதைக் கேட்கிறார் என்று முதலிலேயே தெரிந்துகொள்ளுங்கள்.

ஆபத்துள்ள இடத்திலிருந்து 10 விநாடிக்குள் போய்ச் சேர வேண்டும். அது ஏறக்குறைய 16 முதல் 17 மீட்டர். வலுவான ஆசிட், காஸ்டிக் இருக்கும் இடத்தில் இந்தத் தூரத்தை நம்பாமல் பக்கத்திலேயே வையுங்கள். வழியில் படி இருக்கக் கூடாது, பூட்டு இருக்கக் கூடாது, அதே தளமாக இருக்க வேண்டும். மின் பேனலுக்கு அருகில் வேண்டவே வேண்டாம்.

வரைபடத்தில் அளந்தால் எல்லாமே பத்து விநாடிக்குள் வந்துவிடும். அதனால் ஃபோர்மேனின் கண்ணில் துண்டைக் கட்டி, உலோகத்தின் துருவை ஆசிட்டில் நீக்கும் பிக்லிங் தொட்டி அருகே நிறுத்தி, பக்கத்தில் ஒருவர் காவலுக்கு நடக்க, நேரம் எடுத்தோம். 11 மீட்டர் தூரம்தான். 19 விநாடி ஆனது, நடுவில் காலி டிரம்கள் அடுக்கியிருந்தார்கள். டிரம் அடுக்கும் இடத்தை மாற்றிவிட்டு, தரையில் மஞ்சள் கோடு போட்டு, அதற்குள் எதையும் வைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டோம். இரண்டாம் முறை 8 விநாடி.

## 2. எவ்வளவு தண்ணீர் வேண்டும் என்று கணக்குப் போடுங்கள்

ஷவருக்கு நிமிடத்துக்கு 76 லிட்டர், அதுவும் 15 நிமிடம் நிற்காமல். கண்ணை மட்டும் கழுவும் ஐ வாஷுக்கு நிமிடத்துக்கு 1.5 லிட்டர் போதும் என்கிறது தரம். முகத்தையும் சேர்த்துக் கழுவும் யூனிட் என்றால் 11.4 லிட்டர். தெறிக்கும் வேலை நடக்கும் இடத்தில் கண்ணில் மட்டும் பட்டு நிற்பதில்லை, அதனால் 11.4 லிட்டர் வகையைத்தான் எடுக்கச் சொல்வேன்.

இரண்டும் ஒரே நேரத்தில் ஓடலாம் என்று வைத்துத்தான் கணக்கு: 76 உடன் 11.4 சேர்த்தால் 87.4. அதை 15 நிமிடத்தால் பெருக்கினால் சுமார் 1,310 லிட்டர்.

அந்தப் பட்டறையில் இருந்தது 1,000 லிட்டர் மாடித் தொட்டி. அதிலிருந்துதான் கழிப்பறை, கை கழுவுமிடம், டீ போடும் இடம் எல்லாவற்றுக்கும் தண்ணீர் போனது. மதியச் சாப்பாடு முடிந்த நேரத்தில் பார்த்தால் பாதிக்கும் குறைவாகத்தான் இருக்கும். எனவே தனித் தொட்டி, 2,000 லிட்டர், வேறு எந்தக் குழாயும் அதில் இணையக் கூடாது. நிரம்பினால் இரண்டு டன் எடை, ஷெட் கூரையில் ஏற்றும் எண்ணமே வேண்டாம். பக்கத்து அலுவலகக் கட்டடத்தின் கான்கிரீட் மாடியில், பொறியாளர் ஒருவர் பார்த்துச் சரி என்ற பிறகு வைத்தோம்.

தண்ணீர் குடிக்கும் தரத்தில் இருக்க வேண்டும். உப்பு நிறைந்த போர் தண்ணீரை அப்படியே விட்டால் ஐ வாஷ் துளைகளில் சுண்ணாம்பு படிந்து ஒரு பக்க ஜெட் உயர, மறுபக்கம் தாழ, கோணலாக வரும். எந்த யூனிட்டையாவது திறந்து பாருங்கள், தெரியும்.

## 3. உயரம், பைப், ஷவர் தலை: மூன்றையும் சேர்த்துப் பாருங்கள்

பிளம்பர்கள் தடுமாறுவது இங்கேதான். "மாடியில தொட்டி இருக்கு சார், பிரஷர் நல்லா வரும்" என்பார்கள். தொட்டியின் அடி தரையிலிருந்து 7 மீட்டர் உயரம், ஷவர் தலை 2.2 மீட்டர். வித்தியாசம் 4.8 மீட்டர். பத்து மீட்டர் தண்ணீர்தான் ஏறக்குறைய ஒரு பார், ஆக நமக்குக் கிடைப்பது அரை பாருக்கும் கொஞ்சம் குறைவு. கடையில் கிடைக்கும் யூனிட்களில் பெரும்பாலானவை தண்ணீர் ஓடும்போது 2 பார் இருக்கும் என்று வைத்துச் செய்யப்பட்டவை.

அழுத்தம் ஐந்தில் ஒரு பங்கானால் ஓட்டம் பாதிக்கும் கீழே போகும், அது ஷவர் தலையில் மட்டும். அதோடு பைப்பிலும் ஒரு இழப்பு உண்டு. அங்கே ஒரு இஞ்ச் பைப் முப்பது மீட்டர் சுற்றிக்கொண்டு வந்தது. நிமிடத்துக்கு 76 லிட்டர் ஓட வேண்டுமென்றால் அந்தப் பைப் மட்டுமே எட்டு மீட்டர் உயரத் தண்ணீரின் அழுத்தத்துக்கு மேல் தின்றுவிடும். கையில் இருப்பதோ 4.8. வால்வை எவ்வளவு திறந்தாலும் 76 வராது. அளந்தபோது வந்தது நிமிடத்துக்கு 28 லிட்டர்.

செய்தது இரண்டு மாற்றம். பைப்பை இரண்டு இஞ்ச் ஆக்கினோம், நேர்வழியில் கொண்டுவந்ததால் நீளம் பதினெட்டு மீட்டரானது. அந்த நீளத்தில் பைப் இழப்பு கால் மீட்டருக்குள்தான். அப்புறம் ஷவர் தலையை, குறைந்த அழுத்தத்தில் இயங்கும் பெரிய துளை வகைக்கு மாற்றினோம். ஆர்டர் கொடுக்கும்போதே "என்னிடம் ஓட்டத்தில் 0.4 பார்தான் இருக்கிறது, இதில் நிமிடத்துக்கு 76 லிட்டர் வருமா, எழுத்தில் கொடுங்கள்" என்று கேளுங்கள். எழுதிக் கொடுக்காதவரிடம் வாங்காதீர்கள்.

பூஸ்டர் பம்ப் வைத்து 2 பாரைக் கொண்டுவரலாமே என்று கேட்பார்கள். வைக்கலாம், நிலத்தடித் தொட்டியிலிருந்து எடுத்தால் தண்ணீர் குளிர்ச்சியாகவும் இருக்கும். ஆனால் கரண்ட் போன நேரத்தில் ஆசிட் தெறிக்காது என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. ஜெனரேட்டர் தானாக எடுத்துக்கொள்ளும் இடம் என்றால் பம்ப் சரி. இல்லையென்றால் புவியீர்ப்பை நம்புங்கள்.

## 4. சூட்டைக் குறையுங்கள்

தரம் சொல்லும் மிதவெப்பம் 16 முதல் 38 டிகிரி. வெளிநாட்டுக் கையேடுகள் பெரும்பாலும் குளிரைப் பற்றியே பேசும். தண்ணீர் ஜில்லென்றிருந்தால் 15 நிமிடம் யாரும் நிற்க மாட்டார்கள், மூன்றாவது நிமிடமே வெளியே வந்துவிடுவார்கள், மீறி நின்றால் உடல் வெப்பம் இறங்கும். ஊட்டியில் டிசம்பரில் ஆய்வகம் நடத்துபவர்களுக்கு இது நிஜப் பிரச்சினை. சமவெளியில் நமக்கு எதிர்ப் பக்கம். 38 டிகிரிக்கு மேல் போனால் தண்ணீரே கண்ணைக் காயப்படுத்தும், தோலில் இருக்கும் ரசாயனத்தின் வேகமும் கூடும்.

தொட்டி வெயிலில், பைப் வெயிலில். முதலில் தொட்டிக்கு நிழல் கட்டினோம். மேலே ஷீட், ஷீட்டுக்கும் தொட்டிக்கும் நடுவே காற்றுப் போக இடைவெளி. தொட்டிக்கும் பைப்புக்கும் இன்சுலேஷன், அதன் மேல் வெள்ளைப் பூச்சு. மே மாதம் மதியத்தில் தொட்டித் தண்ணீர் 41 டிகிரியிலிருந்து 33 ஆனது.

அப்படியும் ஐ வாஷில் முதலில் சூடாகத்தான் வந்தது. காரணத்தைக் கண்டுபிடிக்க ஒரு நாள் மண்டையை உடைத்துக்கொண்டோம். இரண்டு இஞ்ச் பைப்பில் மீட்டருக்கு ஏறக்குறைய இரண்டு லிட்டர் தண்ணீர் நிற்கும், பதினெட்டு மீட்டருக்கு 38 லிட்டர். ஷவர் ஓடினால் அது அரை நிமிடத்தில் வெளியேறிவிடும். ஐ வாஷ் மட்டும் ஓடினால்? நிமிடத்துக்கு 11.4 லிட்டர் என்றால் மூன்று நிமிடத்துக்கும் மேலாக அந்தப் பழைய சூட்டுத் தண்ணீர்தான் கண்ணில் விழும். ஷவருக்காகப் பைப்பைப் பெருக்கியது ஐ வாஷுக்கு எதிராகிவிட்டது!

தீர்வு எளிது. அதே தொட்டியிலிருந்து ஐ வாஷுக்கு மட்டும் தனி முக்கால் இஞ்ச் லைன் இழுத்தோம். அதில் நிற்பது மொத்தமே ஆறு லிட்டர் சொச்சம், அரை நிமிடத்தில் புதுத் தண்ணீர் வந்துவிடும். ஐ வாஷுக்கு வேண்டிய ஓட்டத்துக்கு முக்கால் இஞ்ச் பைப்பில் இழப்பும் அரை மீட்டர் அளவுதான், கையில் ஆறு மீட்டர் உயரம் இருக்கிறது. இரண்டு லைனையும் வெளிச்சுவரில் விடாமல் ஷெட்டின் உள்பக்கமாகக் கொண்டுவந்தோம். இப்போது முதல் தண்ணீர் 35 டிகிரி.

இந்த வழி சாத்தியமில்லாத இடங்களில், லைனின் கடைசியில் சூடேறினால் தானே திறந்து சூட்டுத் தண்ணீரை வெளியேற்றும் வால்வு ஒன்றைப் பொருத்துகிறார்கள். தண்ணீர் வீணாகும், ஆனாலும் வேலை செய்யும். மலைப்பகுதியில் கீசரை நேராக இணைத்துவிடுபவர்களைப் பார்த்திருக்கிறேன், அது கூடவே கூடாது. இதற்கென்றே உள்ள கலவை வால்வு வேண்டும், அது பழுதானால் சூட்டை அடைத்துவிட்டு குளிர்த் தண்ணீரை முழு ஓட்டத்தில் விடும் வகையாக இருக்க வேண்டும்.

## 5. இப்போது யூனிட்டைப் பொருத்துங்கள்

ஷவர் தலை தரையிலிருந்து 208 முதல் 244 சென்டிமீட்டர். இழுவைக் கம்பியின் பிடி 173 சென்டிமீட்டருக்கு மேல் போகக் கூடாது, குள்ளமானவருக்கும் எட்ட வேண்டும். ஐ வாஷ் துளைகள் 84 முதல் 134 சென்டிமீட்டருக்குள், சுவரிலிருந்து குறைந்தது 15 சென்டிமீட்டர் தள்ளி. ஷவர் தலையின் நடுவிலிருந்து சுற்றிலும் 40 சென்டிமீட்டருக்கு எதுவும் இருக்கக் கூடாது.

வால்வு ஒரு விநாடிக்குள் திறக்க வேண்டும், கையை எடுத்தாலும் திறந்தே நிற்க வேண்டும். காரணம், இரண்டு கையும் இமையைப் பிரித்துப் பிடிக்க வேண்டும். கையை எடுத்தால் ஸ்பிரிங்கால் மூடிக்கொள்ளும் வால்வைப் பொருத்திவிட்டு "தண்ணி மிச்சமாகும்" என்று பெருமைப்பட்ட இடத்தையும் பார்த்திருக்கிறேன். பால் வால்வு போதும்.

தொட்டிக்கும் யூனிட்டுக்கும் இடையில் இருக்கும் கேட் வால்வுதான் பழுதுகளில் முதலிடம். பிளம்பர் வேறு வேலைக்காக மூடுவார், திறக்க மறந்துவிடுவார். தேவையில்லாத வால்வுகளைக் கழற்றிவிடுங்கள். ஒன்று கட்டாயம் வேண்டுமென்றால், திறந்த நிலையில் பூட்டுப் போட்டு, சாவியைப் பராமரிப்புப் பொறுப்பாளரிடம் கொடுங்கள்.

## 6. கழிவுத் தண்ணீருக்கு வழி செய்யுங்கள்

தரத்தில் இது விரிவாக இல்லை, ஆனால் நடைமுறையில் மற்ற எல்லாவற்றையும் கெடுப்பது இதுதான். 1,300 லிட்டர் எங்கே போகும்? வடிகால் இல்லாவிட்டால் சோதனை செய்யும் ஒவ்வொரு முறையும் பட்டறை வெள்ளக்காடாகும், துடைக்கும் ஆள் முணுமுணுப்பார், அப்புறம் சோதனையே நின்றுவிடும். வாரச் சோதனைப் பதிவேட்டில் டிக் மட்டும் விழுந்துகொண்டிருக்கும்.

தரையைச் சரிவாக்கி, ஜாலி போட்டு, பட்டறையின் கழிவுநீர்ச் சுத்திகரிப்புக் குழிக்கு விட்டோம். ஆளின் உடம்பில் இருந்து கழுவி வருவது ஆசிட்தானே, மழைநீர்க் கால்வாயில் விடக் கூடாது. குழியில் 1,300 லிட்டருக்கு இடம் காலியாக இருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

## 7. ஒப்புக்கொள்ளும் முன் அளந்து பாருங்கள்

ஷவர்: தலையைச் சுற்றிப் பாலித்தீன் குழாயைக் கட்டி, டிரம்முக்குள் விட்டு, 100 லிட்டர் கோடு வரை நிரம்ப எவ்வளவு நேரம் என்று பாருங்கள். 79 விநாடிக்குள் நிரம்பினால் தேறியது. எங்களுக்கு 73 விநாடி ஆனது.

ஐ வாஷ்: 15 லிட்டர் வாளியும் அதே 79 விநாடிக்குள் நிரம்ப வேண்டும். கணக்கு அப்படி ஒத்துப்போகிறது, நினைவில் வைக்கவும் வசதி. பிறகு ஷவர், ஐ வாஷ் இரண்டையும் சேர்த்துத் திறந்து மறுபடி அளவெடுங்கள். தனித்தனியாகத் தேறி, சேர்த்துத் திறந்ததும் ஐ வாஷ் படுத்துவிடுவது பொதுவான கதை.

ஓட்டம் சரியாக இருந்தாலும் கண்ணில் விழ வேண்டுமே. ஒரு தகட்டில் 10 சென்டிமீட்டர் நீளத்துக்கு, நடுவிலிருந்து இரு பக்கமும் இரண்டிரண்டு கோடுகள்: உள் கோடுகளின் இடைவெளி 3.2, வெளிக் கோடுகளின் இடைவெளி 8.3 சென்டிமீட்டர். தகட்டை ஜெட்டின் மேல் கிடையாகப் பிடித்து இறக்கினால், துளையிலிருந்து 20 சென்டிமீட்டர் உயரத்துக்குள் ஏதாவது ஓரிடத்தில், இரண்டு பக்கமும் உள் கோட்டுக்கும் வெளிக் கோட்டுக்கும் நடுவில் தண்ணீர் பட வேண்டும். ஜெட் மூஞ்சியில் அடிக்கிற வேகத்தில் வந்தாலும் தவறு, கண்ணுக்கு மென்மையாக எழும்பி விழ வேண்டும்.

வெப்பத்தை மூன்று முறை எடுங்கள்: திறந்த உடனே, ஒரு நிமிடத்தில், பதினைந்தாவது நிமிடத்தில். காலை ஏழு மணிக்கு எடுத்துவிட்டு "ஓகே" போட்டால் அர்த்தமில்லை. மதியம் இரண்டிலிருந்து நான்குக்குள் எடுங்கள். அந்தப் பதினைந்து நிமிட ஓட்டம்தான் தொட்டி போதுமா என்பதையும் சொல்லிவிடும்.

## 8. வாரம் ஒருமுறை திறப்பது, ஆளுக்குப் பழக்குவது

வாரத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு யூனிட்டையும் திறந்துவிட வேண்டும், ஆண்டுக்கு ஒருமுறை மேலே சொன்ன முழு அளவெடுப்பையும் செய்ய வேண்டும். வாரத் திறப்பில் தண்ணீர் வருகிறதா என்று மட்டும் பார்த்து இரண்டு விநாடியில் மூடுகிறார்கள். நின்ற தண்ணீரில் கிருமிகள் வளரும், அகாந்தமீபா போன்றவை கண்ணையே கெடுத்துவிடும். பைப்பில் நிற்கும் பழைய தண்ணீர் முழுக்க வெளியேறும்வரை ஓடவிட வேண்டும். எங்கள் லைனுக்கு ஷவர் ஒரு நிமிடம், ஐ வாஷும் ஒரு நிமிடம், கணக்கு மேலே இருக்கிறது.

துளைகளுக்கு மேல் தூசுமூடி இருந்தால் தண்ணீர் வந்ததும் தானே விலக வேண்டும். ஒரு முறை மூடி தொலைந்துபோனதால், அக்கறையாக யாரோ பாலித்தீன் பையைச் சுற்றி ரப்பர் பேண்ட் போட்டிருந்தார்கள். தூசு படாமல்தான் இருந்தது, தண்ணீரும் வரவில்லை.

ஆட்களுக்குச் சொல்ல வேண்டியது கொஞ்சம்தான். கண்ணில் பட்டால் ஐ வாஷைத் திறந்து, விரலால் இமைகளைப் பிரித்துப் பிடித்து, விழியை நாலா பக்கமும் உருட்ட வேண்டும். கான்டாக்ட் லென்ஸ் இருந்தால் கழுவிக்கொண்டே கழற்ற வேண்டும், கழற்றிவிட்டுக் கழுவலாம் என்று நிற்கக் கூடாது. உடம்பில் பட்டால் ஷவருக்கு அடியில் நின்றபடியே உடையைக் கழற்ற வேண்டும். ஆண்கள் மத்தியில் கூச்சம் என்று ஈரச் சட்டையோடு நின்றவர்களுக்குத்தான் துணிக்கு அடியில் ஆழமாகப் புண்ணாகியிருக்கிறது. பக்கத்தில் ஒரு திரையும் மாற்றுடையும் வைத்தால் இந்தச் சிக்கலில் பாதி தீரும்.

15 நிமிடம் என்பது குறைந்தபட்சம். காஸ்டிக் திசுவுக்குள் ஊடுருவிக்கொண்டே போகும், அதற்கு இன்னும் நீளமாகக் கழுவ வேண்டும். எவ்வளவு என்று அந்தப் பொருளின் பாதுகாப்புத் தாளில் பாருங்கள். ஸ்டீல் பிக்லிங்குக்கு ஹைட்ரோஃபுளோரிக் ஆசிட் வைத்திருந்தால் தண்ணீர் மட்டும் போதாது, தோலுக்குக் கால்சியம் குளுகோனேட் ஜெல் ஷவர் பக்கத்திலேயே இருக்க வேண்டும், காலாவதித் தேதியோடு. ஒரு ஆள் கழுவிக்கொண்டிருக்கும்போது இன்னொருவர் மருத்துவமனைக்குப் போன் செய்து பொருளின் பெயரைச் சொல்ல வேண்டும், பாதுகாப்புத் தாளின் நகலையும் வண்டியில் கொடுத்தனுப்ப வேண்டும்.

சுவரில் மாட்டும் அரை லிட்டர் கண் கழுவும் பாட்டில் உண்டு அல்லவா, அதை ஐ வாஷுக்குப் பதிலாக வைக்காதீர்கள். பிக்லிங் தொட்டிக்கும் ஐ வாஷுக்கும் இடையே நடக்கும் அந்த எட்டு விநாடிக்கு அது உதவும், அப்புறம் மருத்துவமனை போகும் வழியிலும் உதவும். எங்கள் பட்டறையில் அதைப் பிக்லிங் தொட்டியின் கைப்பிடிச் சுவரிலேயே மாட்டியிருக்கிறோம்.